பணம் வருவதற்குச் சாவி எதற்கு?



ஒரு சின்னக் கேள்வியோடு பேச்சைத் தொடங்கலாம். கோயில் உண்டியலில் காசு போட வேண்டும். அதற்குச் சாவி வேண்டுமா? வேண்டாம். மேலே ஒரு துவாரம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு போடலாம். பிறகு சாவி எப்போது வேண்டும்? உள்ளே இருக்கும் காசை வெளியே எடுக்கும்போதுதான் வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த உண்டியலைப் பற்றித்தான்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே எழுந்து இட்லி அவிக்கிறார். அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, துணி போட்டு மூடி, மாட்டுங்காவுக்கு எடுத்துப் போகிறார். அங்கே பூக்கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறார். சிலர் கையில் காசு கொடுப்பார்கள். சிலர் செல்போனில் பணம் அனுப்புவார்கள். அதற்காகப் பாத்திரத்தின் மேல் தன் செல்போன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நாள் காலை செல்போன் மணி அடிக்கிறது. பேசுவது ஓர் ஆண். நல்ல தமிழ். மரியாதையான பேச்சு.

"அக்கா, செம்பூரிலிருந்து பேசுகிறேன். நாளைக்கு வீட்டில் விசேஷம். 40 இட்லி வேண்டும். என்ன விலை?"

"ஓர் இட்லி 5 ரூபாய் தம்பி. மொத்தம் 200 ரூபாய்."

"சரி அக்கா. பணத்தை இப்போதே அனுப்பி விடுகிறேன்."

சிறிது நேரத்தில் செல்போனில் ஒரு செய்தி வருகிறது. 'உங்கள் கணக்கில் 2,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது' என்று அதில் இருக்கிறது. உடனே மறுபடியும் மணி அடிக்கிறது. இப்போது அந்தக் குரலில் பதற்றம்.

"ஐயோ அக்கா! தவறு செய்துவிட்டேன். 200 என்று போடுவதற்குப் பதில் ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டேன். 2,000 வந்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். மருந்து வாங்க வைத்திருந்த பணம் அக்கா. உங்கள் 200 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,800 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு கோடு அனுப்புகிறேன். அதைத் தொட்டு ரகசிய எண் போட்டால் போதும்."

இட்லிக்கார அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பாவம், யாருடைய மருந்துப் பணமோ! அடுத்தவர் காசு நமக்கு எதற்கு? அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட படம் வந்தது. இதைத்தான் கியூ.ஆர். கோடு என்கிறார்கள். அந்த அம்மா படத்தைத் திறந்தார். 1,800 என்ற தொகை முன்பே அதில் இருந்தது. ரகசிய எண்ணைப் போட்டார். பணம் போனது.

கதை இத்துடன் முடியவில்லை. மூன்றாவது முறையும் மணி அடித்தது.

"அக்கா, பணம் இங்கே வரவில்லையே! கோடு தப்பாக இருந்திருக்கிறது. வேறு கோடு அனுப்புகிறேன். அதில் REFUND என்று இருக்கும் பாருங்கள். ரீஃபண்ட் என்றால் திரும்பி வரும் பணம். இதைப் போட்டால் முதலில் போன 1,800 ரூபாய் உங்களுக்கே திரும்பி வந்துவிடும்."

அந்த அம்மா படித்துப் பார்த்தார். ஆமாம், REFUND என்றுதான் எழுதியிருந்தது. மறுபடியும் ரகசிய எண்ணைப் போடப் போனார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு. உன் கணக்கில் பாக்கி எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்."

பார்த்தார்கள். காலையில் கணக்கில் 3,900 ரூபாய் இருந்தது. அரிசிக்கும் உளுந்துக்கும் கொடுக்க வேண்டிய பணம் அது. இப்போது 2,100 ரூபாய்தான் இருக்கிறது. 1,800 போயிருக்கிறது. ஆனால் 2,000 வரவே இல்லை! அந்த ஆள் ஒரு பைசாகூட அனுப்பவில்லை. இரண்டாவது முறையும் எண்ணைப் போட்டிருந்தால் 300 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும்.

இதில் அந்த அம்மா எங்கே ஏமாந்தார்? பேராசைப்பட்டாரா? இல்லை. அடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். அந்த நேர்மையையே அவன் தூண்டில் புழுவாக்கினான். எனவே நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று இடங்களை உற்றுப் பார்க்கலாம்.

முதல் இடம், செல்போனில் வந்த செய்தி. செய்தி வந்தால் பணம் வந்ததாக ஆகிவிடுமா? ஆகாது. அது வெறும் எழுத்து. வங்கி அனுப்புவது போன்ற வாசகத்தை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வங்கியின் வரவுச் செய்தி சாதாரண ஆட்களின் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. வங்கியின் பெயரைக் காட்டும் எழுத்துகள்தான் அனுப்பியவர் இருக்கும் இடத்தில் தெரியும். அந்த அம்மாவுக்கு வந்த செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தது. ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. பணம் வந்ததா என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் கணக்கில் இருக்கும் பாக்கி.

இரண்டாவது இடம், REFUND என்ற சொல். அதை எழுதியது யார்? வங்கியா? இல்லை. பணம் கேட்கிற அந்த ஆளே எழுதியது. பணம் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு சிறு குறிப்பு எழுத அதில் இடம் உண்டு. அந்த இடத்தில் 'வாடகை' என்று எழுதலாம். 'பால் பணம்' என்று எழுதலாம். 'திரும்பி வரும் பணம்' என்றும் எழுதலாம். என்ன எழுதினாலும் பணம் போகும் திசை மாறாது. விஷப் புட்டியில் தேன் என்று சீட்டு ஒட்டினால் விஷம் தேனாகுமா?

அப்படியானால் திசையை எப்படித் தெரிந்துகொள்வது? குறிப்பைப் பார்க்காதீர்கள். பொத்தானைப் பாருங்கள். திரையில் PAY என்று மூன்று எழுத்துகள் இருக்கும். பே என்றால் 'பணம் கொடு' என்று பொருள். அந்த மூன்று எழுத்துகள் இருந்தால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது. சில நேரங்களில் பக்கத்தில் DECLINE என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதற்கு 'மறுக்கிறேன்' என்று பொருள். தெரியாதவர் பணம் கேட்டு வந்தால் தொட வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது இடம்தான் முக்கியமானது. அது ரகசிய எண். திரையில் UPI PIN என்று வருவது அதுதான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டும் என்று பலர் ஏன் நம்புகிறார்கள்? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த நாளில் மும்பையில் வேலை செய்தவர்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்புவார்கள். ஊரில் தபால்காரர் பணத்தைக் கொண்டுவந்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு கொடுப்பார். வங்கியிலும் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் கைக்கு வரும். ஆக, 'கையெழுத்துப் போட்டால் பணம் வரும்' என்பது நெடுநாள் பழக்கம். ரகசிய எண்ணும் அப்படி ஒரு கையெழுத்து என்று மனம் நினைத்துக்கொள்கிறது. ஏமாற்றுக்காரனுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும்.

ஆனால் செல்போனில் முறை வேறு. இந்த முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர். 2016-ஆம் ஆண்டில் இது தொடங்கியது. இதை நடத்துவது இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். அதன் அலுவலகம் மும்பையிலேயே, தாராவிக்குப் பக்கத்தில், மித்தி ஆற்றுக்கு அப்பால் உள்ள பாந்த்ரா குர்லா வளாகத்தில்தான் இருக்கிறது. இந்த முறையில் உங்கள் வங்கிக் கணக்கு ஓர் உண்டியல். ரகசிய எண் அதன் சாவி. பணம் உள்ளே வரச் சாவி வேண்டாம். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து விழும். செல்போனை அணைத்து வைத்திருந்தாலும் விழும். வெளியே போகத்தான் சாவி வேண்டும்.

பாக்கியைப் பார்க்கவும் ரகசிய எண் கேட்குமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அது உண்டியலைத் திறந்து எண்ணிப் பார்ப்பது போல. பணம் கேட்டு யாராவது விண்ணப்பம் அனுப்பியிருக்கும்போது பாக்கி பார்த்தாலே பணம் போய்விடும் என்று 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி பரவியது. அது அப்படி அல்ல என்று அந்தக் கழகமே விளக்கம் சொன்னது. அந்த விண்ணப்பத்தைத் திறந்து, பணம் கொடு என்பதைத் தொட்டு, பிறகு எண்ணைப் போட்டால்தான் பணம் போகும். ஆகவே பாக்கி பார்க்கப் பயப்பட வேண்டாம். அந்த ஆள் அனுப்பியதை மூடிவிட்டு, நீங்களாகவே பாக்கி பார்க்கும் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தொகை எதுவும் கேட்காது. யாருடைய பெயரும் இருக்காது. தொகையும் பெயரும் தெரிந்தால் அது பணம் அனுப்பும் பக்கம்.

இன்னும் ஒன்று. 2025 அக்டோபரிலிருந்து ரகசிய எண்ணுக்குப் பதிலாக விரல் ரேகையையோ முகத்தையோ காட்டிப் பணம் அனுப்பவும் வழி வந்திருக்கிறது. அப்படி வைத்திருப்பவர்களுக்கு விரலும் சாவிதான். முகமும் சாவிதான்.

'படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது நாடு முழுவதும் செய்தியானது. அப்போது டெல்லி முதலமைச்சராக இருந்தவர் அரவிந்த் கெஜ்ரிவால். அவருடைய மகள் நன்கு படித்தவர். பழைய சோபா ஒன்றை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். வாங்குவதாக ஒருவன் பேசினான். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி, முதலில் ஒரு சிறு தொகையை உண்மையாகவே அனுப்பினான். அதனால் நம்பிக்கை வந்தது. பிறகு ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்யச் சொன்னான். வர வேண்டிய பணம் வரவில்லை. அவருடைய கணக்கிலிருந்து 20,000 ரூபாய் போனது. உடனே அவன், தவறான கோடு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். இன்னொன்றை அனுப்பினான். அதில் மேலும் 14,000 ரூபாய் போனது. மொத்தம் 34,000 ரூபாய்.

இட்லிக்கார அம்மாவின் கதையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் இரண்டாவது கோடு இருக்கிறது. இரண்டிலும் 'தவறு நடந்துவிட்டது' என்ற பேச்சு இருக்கிறது. முதலில் பணம் போனதும் மனம் பதறுகிறது. போனதைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று தவிக்கிறது. அந்தத் தவிப்பில்தான் இரண்டாவது முறை சாவியைக் கொடுக்கிறோம். அதனால்தான் அவன் போனை வைக்க விடுவதில்லை. யோசிக்க விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்க விடுவதில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இந்த ஏமாற்றைத் தடுக்க ஒரு விதி வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளிடம், 'எனக்கு இவ்வளவு பணம் கொடு' என்று யு.பி.ஐ. வழியாகவே விண்ணப்பம் அனுப்ப முடிந்தது. அதை வைத்துப் பலர் ஏமாற்றியதால், 2025 அக்டோபர் 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. இது நல்ல செய்தி. ஆனால் வீட்டின் ஒரு கதவுதான் மூடியிருக்கிறது. கடைகளும் நிறுவனங்களும் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்புவது இன்னும் உண்டு. நீங்கள் எதுவும் வாங்காமல் அப்படி ஒன்று வந்தால் மறுத்துவிடுங்கள். கியூ.ஆர். கோடு என்ற கதவும் திறந்தே இருக்கிறது. அதனால் இன்னொருவர் அனுப்பும் கோடு என்றால், அது அவருக்கு நீங்கள் பணம் கொடுப்பதற்கான கோடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரலாம். உண்மையிலேயே ஒருவர் தவறிப்போய் நமக்குப் பணம் அனுப்பிவிட்டால்? அவரும் பாவம்தானே? ஆமாம், அப்படியும் நடக்கும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறு ஆளுக்குப் போகும்.

அப்போது முதலில் பாக்கியைப் பாருங்கள். பணம் வரவில்லை என்றால் பேச்சு முடிந்தது. வந்திருந்தால் அதைச் செலவு செய்யாதீர்கள். அது உங்கள் பணம் அல்ல. ஆனால் போனில் பேசுகிறவர் சொல்லும் எண்ணுக்கோ கோடுக்கோ அனுப்பவும் செய்யாதீர்கள். ஏன்? அது வேறு ஒருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். நீங்கள் அதைத் திருடன் சொன்ன இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிட்டால், பறிகொடுத்தவர் நாளைக்குப் புகார் செய்யும்போது, பணம் வந்து போன கணக்கு என்று உங்கள் கணக்கைத்தான் காட்டும். கணக்கையே வங்கி முடக்கி வைக்கலாம்.

அதனால் அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உங்கள் வங்கியில் புகார் எழுதிக் கொடுங்கள். வங்கி என் வங்கியைக் கேட்கட்டும். நான் மறுக்க மாட்டேன்." பிறகு உங்கள் வங்கிக்கும் நடந்ததைத் தெரிவித்துவிடுங்கள். உண்மையில் தவறு செய்தவருக்கு இது ஒரு வழி. நாலு நாள் தாமதம் ஆகலாம். ஆனால் பணம் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும். ஏமாற்றுக்காரன் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான். வங்கி என்ற சொல்லைக் கேட்டதும் கெஞ்சுவான், மிரட்டுவான், இல்லையென்றால் போனை வைத்துவிடுவான். அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, பணம் போய்விட்டது. இனி என்ன செய்வது? இட்லிக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூக்காரப் பெண் விடவில்லை. அங்கிருந்தே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வைத்தார். பண மோசடியைப் புகார் செய்ய நாடு முழுவதும் உள்ள எண் அது. எந்த வங்கி, எத்தனை மணி, எவ்வளவு தொகை என்று கேட்டார்கள். பணம் போனதற்கான பன்னிரண்டு இலக்க எண்ணையும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் அப்படி ஓர் எண் செல்போனில் பதிவாகும். அதனால் அந்தப் பதிவையோ செய்திகளையோ அழித்துவிடக் கூடாது.

ஏன் உடனே சொல்ல வேண்டும்? திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். அங்கிருந்து வேறு கணக்குக்கு மாற்றுவான். பிறகு ரொக்கமாக எடுத்துவிடுவான். அதற்குள் புகார் போனால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். எடுத்துவிட்டால் பிடிப்பது கடினம். எல்லோருக்கும் பணம் திரும்பக் கிடைப்பதில்லை என்பதே உண்மை. சாவியைப் போட்டது நீங்களே என்பதால், வங்கி அதை உங்கள் உத்தரவாகத்தான் பார்க்கும். ஆனாலும் சொல்லாமல் இருந்தால் கிடைக்க வழியே இல்லை. 1930-இல் சொன்ன பிறகு வங்கிக்கும் போய் எழுதிக் கொடுங்கள். cybercrime.gov.in என்ற இடத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். வீட்டுப் பிள்ளைகள் உதவுவார்கள்.

அதன் பிறகு, 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு 500 ரூபாய் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால், அதுவும் அதே வலைதான். புகார் செய்யக் கட்டணம் கிடையாது.

சில நாட்கள் கழித்து இட்லிக்கார அம்மாவுக்கு மறுபடியும் ஒரு போன் வந்தது. வேறு குரல். "அம்மா, உங்கள் கணக்குக்குத் தவறிப்போய்ப் பணம் அனுப்பிவிட்டேன். ஒரு கோடு அனுப்புகிறேன், எண் போடுங்கள்."

அந்த அம்மா பதறவில்லை. போனை வைத்தார். தன் கணக்கில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தார். நேற்று இருந்த தொகைதான் இருந்தது. மறுபடியும் மணி அடித்தது. அப்போது அவர் சொன்னார்:

"தம்பி, பணம் வருவதற்குச் சாவி வேண்டாம். உங்கள் வங்கியில் போய்ச் சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் போன் அணைந்தது. அவர் பாத்திரத்தைத் திறந்து, அடுத்தவருக்கு இட்லி எடுத்து வைத்தார்.

இந்தப் பேச்சில் எதை மறந்தாலும் அந்த ஒரு வரியை மறக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.